கூரியர் ஆபீஸில் தங்கிவிட்ட பார்சல்: நேரில் வாங்கவும், வீட்டில் ஒருவரை அனுப்பி வாங்கவும்

திருநெல்வேலியிலிருந்து என் நாத்தனார் ஒரு பார்சல் அனுப்பினார். மருமகளின் வளைகாப்புக்கு ஒரு பட்டுப்புடவை, கூடவே ஒரு டப்பா அல்வா, கொஞ்சம் கருப்பட்டி. செவ்வாய்க்கிழமை போட்டது வியாழக்கிழமை தஞ்சாவூருக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் திருச்சியில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் வெள்ளிக்கிழமை காலை ஊர் திரும்பினான். பார்சலை வாங்கி வரும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. மூன்று முறை அலைந்துதான் வாங்கினான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவையே கீழே உள்ளவை.

1. பார்சல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூரியர்காரர்கள் தரும் எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்கும்போது நம் ஊர்ப் பெயர் தெரிந்தாலே பார்சல் பக்கத்துத் தெருக் கிளையில் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். ஊர்ப் பெயருக்கு அருகில் Hub என்று இருந்தால் அது ஊருக்கு வெளியே, லாரிகள் வந்து இறங்கும் கிடங்கு. அங்கே பொதுமக்களுக்குக் கவுன்ட்டரே இருக்காது. அங்கிருந்து பிரித்து, மூட்டை கட்டி, நம் பகுதிக் கிளைக்கு அனுப்பிய பிறகுதான் கையில் வாங்க முடியும். Out for Delivery என்று காட்டினால் பார்சல் கிளையிலும் இல்லை, டெலிவரி பையனின் பையில் இருக்கிறது. Door Locked, Consignee Not Available, Undelivered இவற்றில் ஒன்று வந்திருந்தால்தான், வண்டி திரும்பியதும் பார்சல் கிளைக்கு வரும். வீட்டில் ஆள் இருந்தும் Door Locked என்று விழுவது உண்டு. அன்றைக்கு போனுக்கு அழைப்பு ஏதும் வந்ததா என்று பார்த்து, வரவில்லை என்றால் கிளையில் அதைச் சொல்லுங்கள். அவர்களிடம் சண்டை போட்டால் ஒன்றும் கிடைக்காது. "அழைப்பே வரலை, நான் நேரில் வந்து வாங்கிக்கிறேன், கவுன்ட்டரில் வையுங்கள்" என்று சொன்னால் காரியம் நடக்கும்.

2. கிளம்பும் முன் கிளைக்கு ஒரு போன் போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பார்சல் இப்போ உங்கள் கையில் இருக்கா, லைனுக்குப் போயிடுச்சா?" என் மகன் கேட்காமல் போனான். வெள்ளி காலை பத்தரை மணிக்குக் கிளையில் நின்றபோது, பார்சல் அப்போதுதான் டெலிவரி பையில் ஏறி எங்கள் பூட்டிய வீட்டுக்குப் புறப்பட்டிருந்தது. முந்தின நாள் திரும்பி வந்ததை மறுநாள் காலை மறுபடி எடுத்துப் போவது அவர்கள் வழக்கம். கிளையில் தினமும் காலையில் ஒரு பட்டியல் போடுவார்கள். டி.ஆர்.எஸ். என்று சொல்வார்கள். எந்தப் பையன் எந்தெந்தப் பார்சலைக் கொண்டுபோகிறான் என்ற கணக்கு அது. அந்தப் பட்டியலில் ஏறிய பார்சல் கண்ணெதிரே மேசையில் கிடந்தாலும், அதிலிருந்து நீக்காமல் கவுன்ட்டரில் கொடுக்க மாட்டார்கள். அதனால் பட்டியல் போடும் முன்பே, அதாவது கிளை திறந்தவுடனே, போனில் சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் மாலையே சொன்னால் இன்னும் நல்லது. "நாளைக்கு லைனில் போடாதீங்க, ஆள் வந்து வாங்கிக்கும்" என்று சொல்லுங்கள். சொன்னவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டால், மறுநாள் "அவர்தான் வரச் சொன்னார்" என்று பேச வசதி. காலையில் தவறவிட்டால், லைனுக்குப் போனவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு, அதற்குப் பிறகு போங்கள்.

3. பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும், கொண்டுபோகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இது பெரிய சிக்கல். ஆதாரில் ஒருவிதம், ரேஷன் கார்டில் ஒருவிதம், அன்பாக அழைப்பது வேறுவிதம். இனிஷியல் சிலருக்கு முன்னால் இருக்கும், சிலருக்குப் பின்னால் இருக்கும். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர் என்று அதுவும் மாறியிருக்கும். என் நாத்தனார் லேபிளில் எழுதியது, குடும்பத்தில் எல்லோரும் என்னைக் கூப்பிடும் செல்லப் பெயர். அந்தப் பெயரில் உலகத்தில் எனக்கு ஒரு அட்டையும் கிடையாது. இப்படி ஆனால் கவுன்ட்டரில் இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டால் பொருளின் விலை அவர் தலையில் விடியும். அவருக்கு வேண்டியது, லேபிளில் உள்ள ஆள் நாம்தான் என்று காட்ட ஏதாவது ஒரு பிடி. முகவரி பொருந்தினாலும், போன் எண் பொருந்தினாலும் அது பிடிதான். அனுப்பியவரிடமிருந்து புக் செய்த ரசீதின் போட்டோவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் எண், அனுப்பியவர் பெயர், எடை மூன்றும் அதில் இருக்கும். ரசீதைக் காட்டி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் சரியாகச் சொன்னால் பாதி சந்தேகம் போய்விடும்.

4. நாங்கள் உண்மையில் மாட்டிக்கொண்டது போன் எண்ணில்தான். இப்போது நிறைய கூரியர்களில் கையெழுத்து மட்டும் போதாது. பார்சலைக் கொடுக்கும்போது லேபிளில் உள்ள எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். அதைச் சொன்னால்தான் அவர்கள் கையில் உள்ள ஆப்பில் பதிவு முடியும். நாத்தனார் எழுதிக் கொடுத்ததோ நான் இரண்டு வருடங்களுக்கு முன் விட்டுவிட்ட பழைய எண். வெள்ளி மாலை இரண்டாம் முறையாக மகன் போய் நின்றான். நான் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் சரி, அட்டை சரி, ஓ.டி.பி. யாருக்கோ போய்விட்டது. "தம்பி, நம்பரை நாங்கள் இங்கே மாத்த முடியாது, புக் பண்ணின இடத்தில்தான் மாத்தணும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அது உண்மைதான். அந்தப் பார்சலைப் பொறுத்தவரை அனுப்பியவர்தான் வாடிக்கையாளர். பெறுபவர் சொல்வதை நம்பி எண்ணை மாற்றினால், யார் வேண்டுமானாலும் அடுத்தவர் பார்சலை வாங்கிவிடலாமே. நாத்தனார் ரசீதோடு திருநெல்வேலிக் கிளைக்குப் போய்ச் சொல்லி, அவர்கள் கணினியில் மாற்ற, சனி காலைக்குள் என் புது எண் ஏறிவிட்டது. ஆன்லைன் கடையில் வாங்கிய பொருள் என்றால், கடையின் ஆப்பில் ஆர்டர் விவரத்துக்குள் போய்ப் பாருங்கள். எண்ணை மாற்ற வழி இருந்தால் அங்கே இருக்கும். இல்லையென்றால் கடையின் வாடிக்கையாளர் எண்ணில் கேளுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் ஒரு ஏற்பாடு தேவை. அந்த ஓ.டி.பி. சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். வாங்கப் போகிறவர் கவுன்ட்டரில் நிற்கும் அந்த நேரத்தில், போன் வைத்திருப்பவர் எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் பஸ்ஸில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால், அல்லது போனை அணைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் இருந்தால், மகன் அங்கே விழிப்பான். "பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள் போய் நில்லு, நான் போனைக் கையில் வைத்திருக்கிறேன்" என்று நேரம் பேசிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மகன் அழைத்து, தான் கவுன்ட்டரில் இருப்பதாக அவன் குரலிலேயே சொன்ன பிறகு ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்.

5. அந்த அனுமதிக் கடிதத்தைப் பெரிய விஷயமாக நினைக்க வேண்டாம். முத்திரைத்தாளும் நோட்டரியும் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாள் போதும், கையால் எழுதினாலே போதும். ஆனால் சில விவரங்கள் விட்டுப்போகக்கூடாது. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"தேதி. பெறுநர்: கிளை மேலாளர், (கூரியரின் பெயர், கிளை). ஐயா, திருநெல்வேலியிலிருந்து (அனுப்பியவர் பெயர்) எனக்கு அனுப்பிய பார்சல், எண் (பார்சல் எண்), தங்கள் கிளையில் உள்ளது. நான் வெளியூரில் இருப்பதால் நேரில் வர இயலவில்லை. என் மகன் (முழுப்பெயர், ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி) என் சார்பில் அதைப் பெற்றுக்கொள்ள அனுமதி அளிக்கிறேன். அவர் கையெழுத்து கீழே உள்ளது. என் அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன். என்னைத் தொடர்புகொள்ள: (போன் எண்). இப்படிக்கு, (உங்கள் பெயர், கையெழுத்து). பெற்றுக்கொள்பவர் கையெழுத்து: (மகன் கையெழுத்து)."

இதில் உயிர்நாடி பார்சல் எண். எண் இல்லாமல் "என் பார்சல்களைக் கொடுக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால், அது என்றைக்கும் எந்தப் பார்சலுக்கும் செல்லும் வெற்றுக் காசோலை மாதிரி ஆகிவிடும். தேதி போடுவதும் அதற்காகத்தான். வாங்குபவரின் கையெழுத்தையும் கடிதத்திலேயே வாங்கிவிட்டால், கவுன்ட்டரில் அவர் போடும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் கையெழுத்து, இணைக்கும் அட்டையில் உள்ளதைப் போல இருக்கட்டும். ஆதாரில் கையெழுத்து இருக்காது. பான் கார்டிலோ ஓட்டுநர் உரிமத்திலோ இருக்கும். பெயரையும் முகவரியையும் லேபிளில் எழுதியிருக்கும் மொழியிலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள். பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ கிளை என்றால் கடிதம் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் சுலபம்.

நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு கடிதம் எப்படிக் கொடுப்பது? நான் திருச்சியில் எழுதி, கையெழுத்திட்டு, போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனான். சில கிளைகளில் இதை ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் மூலக்கடிதம்தான் வேண்டும் என்பார்கள். இரண்டாம் குறிப்பில் சொன்ன அதே போனிலேயே இதையும் கேட்டுவிடுங்கள்.

6. ஆதார் நகலைக் கொடுக்கும்போது மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். அதில் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும், பெயர், படம், முகவரி எல்லாம் இருக்கும். பார்சல் வாங்க அது போதும். myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதாரைப் பதிவிறக்கும்போது Masked Aadhaar என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். வரும் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகளைப் பெரிய எழுத்தில் போட்டு, அதோடு பிறந்த வருடத்தைச் சேர்க்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெயர் P. KUMAR, பிறந்த வருடம் 1990 என்றால் கடவுச்சொல் P.KU1990. புள்ளியும் ஒரு எழுத்தாகக் கணக்கில் வரும், இடைவெளி வராது.

எந்த அட்டையின் நகலாக இருந்தாலும், அதன் குறுக்கே பேனாவால் "பார்சல் எண் இன்னது பெற மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எழுத்து கொஞ்சம் படத்தின் மேலும் ஏறியிருக்க வேண்டும். மூலையில் எழுதினால் மடித்து மறுநகல் எடுத்துவிடலாம். கடிதம் கொண்டுபோகிறவர் தன் அட்டையின் மூலத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். போனில் உள்ள படத்தைக் காட்டினால் சில இடங்களில் தலையாட்டுவார்கள், சில இடங்களில் மாட்டார்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பதினெட்டு நிரம்பிய ஒருவர்தான் சரிப்படும்.

7. கடிதம் செல்லாத பொருள்களும் உண்டு. பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். அதை விண்ணப்பித்தவரிடமே, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வங்கி அனுப்பும் டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு விஷயத்திலும் பல வங்கிகள் உரியவரிடம் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்புகின்றன. இவற்றுக்காகப் பிள்ளைகளை வெயிலில் அலையவிடாமல், நீங்கள் ஊருக்கு வரும் நாளைச் சொல்லி அதுவரை வைத்திருக்கச் சொல்வதே மேல்.

8. கையெழுத்துப் போடும் முன் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பழைய டேப்பின் மேல் புது டேப் ஒட்டியிருக்கிறதா, மூலை நசுங்கி எண்ணெய்க் கறை வந்திருக்கிறதா, குலுக்கினால் உடைந்த சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். எடை சந்தேகமாக இருந்தால் அங்கேயே தராசில் வைக்கச் சொல்லலாம். கூரியர் ஆபீஸில் தராசு இல்லாமல் இருக்காது. ரசீதில் எழுதிய எடையோடு அதிக வித்தியாசம் இருந்தால், ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு கையெழுத்திடும் தாளிலேயே "பெட்டி பிரிந்திருந்தது, எடை இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டால், நல்ல நிலையில் வாங்கிக்கொண்டோம் என்று ஆகிவிடும். போன் திரையில் விரலால் கையெழுத்து வாங்கும் இடங்களில் எழுத இடம் இருக்காது. அங்கிருந்தே கூரியரின் மின்னஞ்சலுக்கு போட்டோவோடு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால், வீட்டில் பிரிப்பதை லேபிள் தெரியும்படி ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வையுங்கள்.

9. பணம் கட்டி வாங்க வேண்டிய பார்சலா என்று முன்கூட்டியே பாருங்கள். மகனை வெறும் கையோடு அனுப்பிவிட்டு, அங்கே போன பிறகு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றால் அவன் என்ன செய்வான்? கிளையின் கியூ.ஆர். அட்டையில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் அந்தக் கூரியருடையதா, ஏஜென்சிக்காரருடையதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தால், ஏன் என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

10. கிளையில் பார்சல் நெடுநாள் தங்காது. இரண்டு மூன்று முறை கொண்டுபோய்ப் பார்ப்பார்கள், சில நாள் வைத்திருப்பார்கள், பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். நிலவரத்தில் RTO என்ற மூன்று எழுத்து விழுந்துவிட்டால் பார்சல் திரும்பும் வண்டிக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு நாம் கிளையில் கெஞ்சுவதைவிட, அனுப்பியவர் புக் செய்த இடத்தில் சொல்லி நிறுத்துவதே பலிக்கும். தின்பண்டம் இருக்கும் பார்சல் என்றால் இதையும் கிளையில் சொல்லிவையுங்கள். வெயில் படாத இடத்தில் வைப்பார்கள், எறும்பு வரும் முன் எடுத்துப் போகச் சொல்லி அவர்களே போனும் போடுவார்கள். எங்கள் அல்வாவைப் பற்றிச் சொல்லிவைத்ததால்தானோ என்னவோ, சனிக்கிழமை காலை கிளையிலிருந்தே "தம்பியை இப்போ அனுப்புங்கக்கா" என்று அழைப்பு வந்தது. பத்து மணிக்கு மகன் போனான், நான் ஓ.டி.பி. சொன்னேன், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான்.

11. பார்சலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் வரும் போலி அழைப்புகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். "முகவரி சரியில்லை, ஐந்து ரூபாய் கட்டினால் மறுபடி அனுப்புவோம்" என்று ஒரு லிங்க் வரும். அதைத் தொடாதீர்கள். பார்சல் எண்ணைக் கூரியரின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இன்னொன்று, "டெலிவரி பையனோடு பேச இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று சொல்லி, *401* என்றோ *21* என்றோ தொடங்கி அதன் பின் ஒரு போன் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடும். அழைப்பு வழியாகச் சொல்லப்படும் ஓ.டி.பி. அவர்கள் காதில் விழும். தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே ##002# அழுத்துங்கள். திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகிவிடும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். நிஜக் கிளை எதுவானாலும், நீங்களோ நீங்கள் அனுப்பியவரோ அங்கே போய் நிற்காதபோது போனில் ஓ.டி.பி. கேட்கத் தேவையே இல்லை.

12. தபால் ஆபீஸில் தங்கிய ஸ்பீட் போஸ்ட்டுக்கும் இதே கடிதமும் நகலும்தான். எண் மட்டும் வேறுவிதமாக இருக்கும்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. மொத்தம் பதின்மூன்று. போஸ்ட்மேன் வீட்டில் போட்டுவிட்டுப் போன அறிவிப்புச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பொதுவாக ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் வர முடியாது என்றால் போஸ்ட் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து இன்னும் சில நாள் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். கிராமத்துக் கிளை என்றால் எழுத்தெல்லாம் வேண்டியிருக்காது. போஸ்ட்மேனுக்கு நம் வீட்டு மூன்று தலைமுறையும் தெரியும்.